ஐ.ஆர். பதினேழு, இரண்டாம் திருத்தம்

எங்கள் தொழிற்சாலையில் யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் முதலுதவிப் பெட்டி வரும், அடுத்து நான் வருவேன். முதலுதவிப் பெட்டியால் ஏதோ பிரயோஜனம் உண்டு. நான் போய்ப் படம் பிடித்து, கேள்வி கேட்டு, சம்பவ அறிக்கை எழுதுவேன். பாதுகாப்புப் பிரிவின் கிராணி என்று என் மேசையில் போட்டிருக்கும். கிராணி என்றால் குமாஸ்தா, ஆபீஸில் எல்லாரும் ஏதாவது கேட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஆள், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் அறிக்கைகளை என் இஷ்டத்துக்குச் சேமித்து வைப்பேன். ஒரே விபத்துக்கு ‘ஃபைனல்’ என்று ஒன்று, ‘ஃபைனல் பெத்துல்’, அதாவது மலாயில் ‘நிஜ ஃபைனல்’, என்று இன்னொன்று, அதற்கும் பிறகு ‘சத்தியமாக ஃபைனல்’ என்று மூன்றாவது. ஒரு முறை தணிக்கைக்கு வந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இந்த மூணுல எது உண்மை?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்று இரவு தொழிற்சாலை இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என் மோட்டார் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

பிறகு முறையாகச் செய்ய ஆரம்பித்தேன். சம்பவம் நடந்தது என்று தகவல் வந்தவுடனே, ஒரு எழுத்துகூட எழுதும் முன்பே, பதிவேட்டிலிருந்து அடுத்த எண்ணை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஐ.ஆர். ஒன்று, ஐ.ஆர். இரண்டு என்று; சம்பவ அறிக்கைக்கு ஆங்கிலச் சுருக்கம் அது. கொடுத்த எண்ணைத் திரும்ப யாருக்கும் கொடுப்பதில்லை. பொய்த் தகவல் என்று தெரிந்தால்கூட, ‘ரத்து’ என்று எழுதி அதே இடத்தில் இருக்கும். முதலில் வெளியிடுவது பூஜ்ஜியத் திருத்தம். அதற்குப் பிறகு ஒரு வரி மாறினாலும் புதிய திருத்த எண். யார் மாற்றியது, என்ன மாற்றியது, ஏன் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது, எல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலில். பழைய திருத்தங்கள் மேல் ‘காலாவதி’ என்று முத்திரை. ஆனால் அழிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண்ணும் திருத்தமும் இருக்கும், தனியாகக் கிழிந்து வந்த தாள்கூடத் தன் வீடு எது என்று சொல்லும்.

இந்த விதிகளை எழுதி நானே சுவரில் ஒட்டினேன். சட்டம் போட்ட பெருமை எனக்கு. வீட்டிலும் மனைவியிடம், நம் சண்டைகளுக்கும் எண் கொடுக்கலாமா என்று கேட்டேன். “குடுங்க, எல்லாத்துலயும் திருத்தினது யாருன்னு பார்த்தா உங்க பேர்தான் வரும்லா” என்றாள். அப்போது சிரித்தேன்.

கையுறை கழுவும் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர், இருபத்திரண்டு வருஷமாக அதே பிரிவு. அறுபதுக்குப் பிறகு கம்பெனி ஒவ்வொரு வருஷமும் பார்த்துப் பார்த்து நீட்டிப்பு தரும். எச்சரிக்கைக் கடிதம் இருந்தால் நீட்டிப்பு வராது, அது எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு ரெம்பியாவில் தாமான் குடியிருப்பில் வீடு, மூத்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், இளையவள் இன்னும் படிக்கிறாள். “அவ முடிக்கிற வரைக்கும் நான் கழுவிக்கிட்டு இருக்கணும் தம்பி” என்பார்.

ஒரு காலை அக்கா வெந்நீர்த் தொட்டி ஓரமாக வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஃபோனில் தகவல் வந்தவுடன் பதிவேட்டில் அடுத்த எண்ணை எடுத்தேன். ஐ.ஆர். பதினேழு.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள், கை மாவுக்கட்டில் இருந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன், பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். தொட்டியடியில் குழாய் வால்வு ஒழுகியது, முந்தின நாளே ஷிஃப்ட் லீடரிடம் சொன்னேன், அவர் போர்டில் எழுதினார், அப்புறம் யாரும் வரவில்லை. இவ்வளவுதான் அவர் சொன்னது. கையெழுத்து போட இடது கையை எடுத்தார். பேனாவைக் கோழிக்கழுத்து மாதிரி பிடித்துக்கொண்டு எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை வலித்தது.

“நல்லா இல்லைல்ல தம்பி?”

“என் டாக்டர் எழுதுறதவிட நல்லாருக்குக்கா.”

ஷிஃப்ட் லீடர் போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தார், முந்தின நாள் தேதியோடு. அதையும் இணைத்துப் பூஜ்ஜியத் திருத்தத்தை வெளியிட்டேன். ஐந்து பக்கம். எனக்கு ரொம்பப் பிடித்த அறிக்கை.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர், எதையும் ஒரே பக்கத்தில் பார்த்துப் பழகியவர். “தலைமை அலுவலகத்துக்கு ஒரு பக்கம் போதும், சுருக்கிக் கொடு” என்றார். படிவத்தில் சாட்சி சொன்னதுக்கு ஐந்து வரிக் கட்டம். அக்கா சொன்னது பன்னிரண்டு வரி. நான் என்ன செய்தேன்? விபத்து எப்படி நடந்தது என்பதுதானே முக்கியம், முந்தின நாள் கதை எதற்கு என்று நானே முடிவு செய்து அந்த வரிகளைக் கழற்றினேன். போர்டு படமும் கட்டத்தில் அடங்கவில்லை, அதையும் கழற்றினேன். மிச்சம் இருந்தது: ‘ஈரத் தரையில் கவனிக்காமல் நடந்தார், வழுக்கினார்.’ கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘கவனிக்காமல்’ என்ற சொல் அக்கா சொன்னதே இல்லை. வழுக்கியதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நான் சேர்த்தது. முதல் திருத்தம் என்று எண் போட்டேன். மாற்றம்: ‘வாக்குமூலம் சுருக்கப்பட்டது.’ காரணம்: ‘ஒரு பக்கத்தில் அடங்க.’ செய்தவர்: என் பெயர். இவ்வளவு ஒழுங்காக ஒரு மனுஷியின் வாயை மூடிய ஆள் மலாக்கா மாநிலத்தில் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டான்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டை எடுத்துவிட்டு அக்கா வேலைக்கு வந்தார். மதியம் என் அறை வாசலில் நின்றார், கையில் ஒரு கடிதம். ‘ஐ.ஆர். பதினேழு, முதல் திருத்தத்தின்படி, கவனக்குறைவு’ என்று எச்சரிக்கை. மனிதவளப் பிரிவு என் விதிப்படி திருத்த எண்ணையும் சரியாகப் போட்டிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. “தம்பி, வால்வு ஒழுகுதுன்னு சொன்னேனே. எழுதலையா?”

“எழுதினேன்க்கா.”

“அப்ப எங்க அது?”

கணினியைத் திறந்தேன். முதல் திருத்தத்தில் இல்லை. பூஜ்ஜியத் திருத்தத்தைத் திறந்தேன். இருந்தது, பன்னிரண்டு வரியும், கோழிக்கழுத்துக் கையெழுத்தும், போர்டு படமும். அக்கா குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பக்கத்துக்குப் போய், யார் மாற்றியது என்ற கட்டத்தை அவரிடமிருந்து மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மலாயில்தான் இருந்தது. ஆனால் என் பெயர் எந்த மொழியிலும் என் பெயர்தான்.

“நான்தான்க்கா சுருக்கினேன்.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “நீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதைவிட அந்தக் கடிதத்தால் என் தலையில் ஒரு தட்டு தட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “நான் சரி பண்றேன்க்கா” என்றேன். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது, மறைப்பானேன். அந்தக் கோப்புறையின் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான். முதல் திருத்தத்தைச் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு, அக்காவின் வரிகளை உள்ளே நுழைத்து, மனிதவளப் பிரிவு சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டு தே தாரிக் டீ குடிக்கும் நேரம் அதைப் பற்றியே யோசித்தேன். இரண்டாவது குவளையில் எனக்கே புரிந்தது: இன்று நான் அக்காவுக்காகச் சத்தமில்லாமல் மாற்றினால், நாளைக்கு வேறொருவன் அக்காவுக்கு எதிராகச் சத்தமில்லாமல் மாற்றுவான். அப்போது காட்டுவதற்குப் பூஜ்ஜியத் திருத்தம் எதுவும் இருக்காது.

இரண்டு திருத்தங்களையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மலாயில்தான் பேசினோம், நான் அவரை மரியாதையாக ‘என்சிக்’ என்பேன்.

“இந்த வரிகளை எடுத்தது யார்?”

“நான்தான், என்சிக்.”

“ஏன்?”

“கட்டம் சின்னது.”

அவர் என்னைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் கேட்டது தான்தான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். “சரி, திருத்து. இந்த முதல் திருத்தத்தை எடுத்துவிடேன், பார்க்க அசிங்கமாயிருக்கு.”

“எடுக்க முடியாது, என்சிக். எச்சரிக்கைக் கடிதம் அதைத்தான் சொல்லுது. அது போயிட்டா, கடிதம் ஏன் தப்புன்னு யாருக்கும் காட்ட முடியாது. என் தப்பும் அதிலதான் இருக்கு.”

“நீ ஒட்டின விதிதான் உன்னைக் கடிக்குது” என்றார், சிரிக்காமல். ஆனால் ஃபோனை எடுத்து மனிதவளப் பிரிவைக் கூப்பிட்டார்.

இரண்டாம் திருத்தம் எழுதினேன். அக்காவின் வாக்குமூலத்தைச் சுருக்காமல் அப்படியே இணைப்பாக வைத்தேன். ஐந்து வரிக் கட்டத்தில் ‘இணைப்பு ஒன்றைப் பார்க்க’ என்று மட்டும் எழுதினேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். யாரோ சொன்னதைச் சுருக்கும் உரிமை எனக்குக் கிடையாது, நான் எழுதியதைத்தான் நான் சுருக்கலாம். சுவரில் இருக்கும் விதிகளோடு அதையும் சேர்த்தேன். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் நீண்ட நேரம் விரல் நின்றது. ‘முதல் திருத்தத்தில் எழுதியவரின் தவறு’ என்று போட்டேன்.

எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, இரண்டாம் திருத்தத்தைக் குறிப்பிட்டே. நீட்டிப்பும் வந்தது. வால்வை அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள்.

வாக்குமூலம் தான் சொன்னதுதான் என்று அக்கா இரண்டாம் திருத்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இடைவேளையில் வந்தார், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன், “கெழங்கு அதிகமாப் போட்டிருக்கேன், சுருக்காம சாப்பிடுங்க” என்றார்.

அதோடு என் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. அவர் வலது கையால் அழகாக, உருண்டையான எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் அதையும் இணைப்பில் இருந்த கோழிக்கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“என்ன தம்பி?”

“ரெண்டும் ஒரே ஆள் போட்ட மாதிரி இல்லக்கா. தணிக்கையில கேப்பாங்க.”

“திரும்ப இடது கைல போடவா?”

“வேணாம். ரெண்டும் இருக்கட்டும். ஏன் வேறயா இருக்குன்னு மட்டும் எழுதணும்.”

அவர் தன் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், மாவுக்கட்டு இருந்த இடத்தில் தோல் இன்னும் வெளுத்திருந்தது. “எழுதுங்க, அதான் உங்க வேலை” என்றார்.

ஐ.ஆர். பதினேழின் கடைசிப் பக்கத்தில் இப்போதும் அந்த வரி இருக்கிறது, என் பெயரில், என் தவறுக்குக் கீழே. கையெழுத்து வேறுபடுவதற்கான காரணம்: கை குணமாகிவிட்டது.