கை அடங்கிய அண்ணன்

என் அண்ணன் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். இருபத்தாறு வருஷம் அதே ஜன்னல். மாத்திரை வாங்க வந்தவர் காது கொடுக்காவிட்டாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்புவார். "இதை எடுத்தா சில பேருக்குப் புதுசா ஏதாவது வெறி பிடிக்கும். ஒளிக்காம டாக்டர்கிட்ட சொல்லிடணும்" என்று நடுக்குவாத நோயாளிகளிடம் அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் அதே நோய் அவருக்கு வந்தது. வலது கை நடுங்கி, எண்ணும் தட்டிலிருந்து மாத்திரைகள் தரையில் உருண்டன. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது அது. டோபமைன் போலவே வேலை செய்யும் மாத்திரையை டாக்டர் கொடுத்தார். கை அடங்கியது. ஆனால் டோபமைனுக்குக் கையை நடத்துவது மட்டுமா வேலை? 'இது வேணும்' என்று மனசைப் பிடித்துத் தள்ளுவதும் அதுதான். கை எது, ஆசை எது என்று மாத்திரைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அண்ணன் பூட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். கதவுப் பூட்டு, பெட்டிப் பூட்டு, பக்கத்து வீட்டு சைக்கிள் பூட்டு வரைக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார். மூன்று மணி நேரம் கழித்தும் அதே "இதோ"தான். வேலைக்கும் மட்டம் போட்டார்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, உங்களுக்குத் தெரியலையாண்ணா?" என்று கத்தினேன்.

"தெரியும்டி. சொன்னா நிறுத்திடுவாங்க. இவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல."

மறுநாள் நானே டாக்டரிடம் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மூளைக்குள் போய் டோபமைனாகவே மாறும் வேறொன்றைக் கொடுத்தார்கள்; அதில் இந்த மாதிரி வெறி வருவது குறைவாம். வெறி போனது. அண்ணனோ சுவரைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தார். அதற்கும் ஒரு மாத்திரை வந்தது. நரம்பு செல்கள் வெளியே விட்ட செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் அது தடுக்குமாம். "உடனே கேக்காது, சில வாரம் ஆகும்" என்றார் டாக்டர். ஆறாவது வாரம் அழுகை நின்றது. அவ்வளவுதான். சிரிப்பும் வரவில்லை, பசியும் வரவில்லை. எட்டு மாதமாக இதே கதை. காட்டிக் கொடுத்தவள் என்ற உறுத்தல் எனக்குப் போகவே இல்லை.

போன வாரம் டாக்டர் அறையில் அண்ணி பொறுமை இழந்துவிட்டார். "பழைய மாத்திரையையே குடுத்துடுங்க டாக்டர். வீட்டையே பிரிச்சுப் போட்டாலும் பரவாயில்ல."

"திரும்பவும் அதே வெறி வரும்மா. இந்த நிலைமைக்கு நிச்சயமா கேக்கும்னு சொல்ற மருந்து என்கிட்ட இல்ல." டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எதுன்னாலும் சரி."

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "நான் உங்களுக்கு வேணாமா?"

அண்ணன் யோசித்தார். சும்மா இல்லை, நிஜமாகவே உள்ளே தேடிப் பார்த்தார். மடியில் கை ஆடாமல் இருந்தது.

"வேணாம்னு தோணல" என்றார். 'வேணும்' என்று அவருக்குச் சொல்ல வரவில்லை.

அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.