ஏழு மூட்டை மஞ்சளும் ஒரு லாபமும்

ஈரோட்டில் மஞ்சள் வாங்கி விற்கும் நல்லசாமியிடம் மூன்று குடோன்கள் இருந்தன. கடைவீதியில் பழையது, நசியனூர் ரோட்டில் புதியது, பெருந்துறையில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆள்தான் மாத இருப்புப் பதிவேடு எழுதுவார். அவர் பெயர் அங்கமுத்து. இருபத்தாறு வருடமாக எழுதுகிறார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எழுதினார். அது கணக்குப் போடுமே தவிர கவலைப்படாது என்பது அவர் கட்சி.

பதிவேட்டில் ஒவ்வொரு குடோனுக்கும் ஒரு பக்கம். மாதம் பிறந்தபோது எத்தனை மூட்டை, வேறு குடோனிலிருந்து வந்தது எத்தனை, வேறு குடோனுக்குப் போனது எத்தனை, கடைசியில் மிச்சம் எத்தனை. ஒரு குடோனில் 'போனது' என்று எழுதியது இன்னொன்றில் 'வந்தது' என்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கமுத்துவுக்குச் சோறு இறங்காது. மாதக் கடைசியில் லாரி கிளம்பி, மறுநாள் போய்ச் சேர்ந்தால் அந்தச் சரக்கு எங்கே? அதற்காக அவரே ஒரு கட்டம் போட்டு 'வழியில்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். மகளைக் கோபிக்கு பஸ் ஏற்றிவிடும்போதுகூட, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு சாமி. அது வரைக்கும் நீ ரெண்டு வீட்டுக் கணக்குலயும் இல்ல, வழியில இருக்கறே" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள், ஆனால் போன் பண்ணிவிடுவாள்.

அந்த மார்ச்சில் விலை படுத்துவிட்டது. நல்லசாமி வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. கடைவீதி குடோனில் கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்ததால் அங்கிருந்த மூட்டைகளை லோடுக்கு அறுபதாக நசியனூர் ரோட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே மூட்டை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலைக்கு மாசிலாமணியைச் சேர்த்துவிட்டவர் அங்கமுத்துதான்.

மாசிலாமணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பிறந்தது குன்னூர், பிழைத்தது ஈரோடு டிப்போ. அங்கமுத்து வேலைக்கு வந்து போன பஸ்ஸில் பன்னிரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவர். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் கைக்குழந்தைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். அந்த மனுசன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சவருங்க, சுத்தமான கை" என்று முதலாளியிடம் சொல்லி வைத்தார்.

அனுப்புகிறவர் எழுதிய எண்ணிக்கை, இறக்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது நல்லசாமியின் சட்டம். அவரவர் எண்ணி அவரவர் சீட்டுப் போட வேண்டும். மாதக் கடைசியில் அங்கமுத்துவின் மேசையில்தான் இரண்டு சீட்டும் முகம் பார்க்கும்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பார்த்தன. மாதத் தொடக்கத்தில் மூன்று குடோனிலும் சேர்த்து 2650 மூட்டை. கடைசியில் கடைவீதி 420, நசியனூர் ரோடு 1513, பெருந்துறை 650. கூட்டினால் 2583. அறுபத்தேழு குறைகிறது. அறுபதைப் பற்றி அங்கமுத்து பதறவில்லை. எட்டாவது லோடு அன்று சாயங்காலம்தான் கிளம்பியிருந்தது, மறுநாள் காலையில் இறக்குவார்கள். 'வழியில்' கட்டத்தில் 60 என்று எழுதினார். மீதி ஏழு நின்றது. போய்ச் சேர்ந்த லோடு ஏழு. மாசிலாமணியின் ஏழு சீட்டிலும் 59 என்று இருந்தது.

நல்லசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"லோடுக்கு ஒண்ணுன்னு கணக்கா அடிச்சிருக்கறான் பாருங்க. சுத்தமான கைன்னீங்களே?"

"லாரில வர்ற வழியிலயும் மூட்டை எறங்கியிருக்கலாமுங்க."

"லாரி நம்முளுது, டிரைவரு பதினஞ்சு வருச ஆளு. புதுசா வந்தது உங்க கண்டக்டரு ஒருத்தருதான். குறைவு ஏழுன்னு எழுதி, பொறுப்புக் கட்டத்துல அவரு பேரப் போடுங்க. நாளைக்கிருந்து வர வேண்டாமுன்னு சொல்லிப்போடலாம்."

பொறுப்புக் கட்டத்தில் பெயர் ஏறியவனுக்கு மஞ்சள் மண்டி எதிலும் அப்புறம் வேலை கிடைக்காது. அது போகட்டும். அறுபது வயதுக்கு மேல் திருடன் என்று பேர் வாங்கினால் அந்த மனுசன் எப்படி வெளியே தலை காட்டுவார்?

"காலைல எட்டாவது லோடு எறங்குதுங்க. நான் போயி ஒருக்கா பாத்துப்போட்டு எழுதறனே."

"பாருங்க. ஆனா நாளைக்கே கணக்கு முடிஞ்சாகோணும்."

மறுநாள் அங்கமுத்து நசியனூர் ரோட்டு வாசலில் ஒரு காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார். மாசிலாமணி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் அறியாத முகம். அதைப் பார்க்கவே அங்கமுத்துவுக்குச் சங்கடமாக இருந்தது.

சுமைக்காரர்களின் மேஸ்திரி சென்னியப்பன் முதல் மூட்டையைத் தோளில் வாங்கி, "லாபம்!" என்று குரல் கொடுத்து உள்ளே போனார். குரல் கொடுப்பது அந்த ஒரு மூட்டைக்குத்தான். அதற்கப்புறம் எண்ணுவது குறிப்பவர் பாடு. மாசிலாமணி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார். பிறகு பேனாவை எடுத்தார். இரண்டாவது மூட்டை வந்தது. நோட்டில் முதல் கோடு விழுந்தது.

அங்கமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டார். கடைசி மூட்டை வரைக்கும் விரல் மடக்கி எண்ணினார்.

"எத்தனைங்க கண்டக்டரே?"

"அம்பத்தொம்பது."

"மொத மூட்டையச் சேத்தா?"

"அது லாபம் ஆச்சே சார்."

"லாபமுன்னா?"

"சாமிக்கு விடறது. மொத டிரிப்புக்கு டயருக்கு அடில எலுமிச்சம்பழம் வைப்போம். எலுமிச்சம்பழத்துக்கு டிக்கெட் போடுவமா?"

சென்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏனுங்க, ஒண்ணுன்னு வாயால சொல்லக்கூடாதுன்னு லாபமுங்கறோம். லாபம், ரெண்டு, மூணு. லாபந்தானுங்க ஒண்ணு."

மாசிலாமணி நோட்டைப் பார்த்தார், உள்ளே அடுக்கியிருந்த மூட்டை அட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்ப ஏழு லோடும்..."

"ஏழு மூட்டையும் உள்ள பத்திரமா உக்காந்துட்டிருக்குதுங்க."

மதியத்துக்குள் அட்டி அட்டியாக எண்ணிப் பார்த்தார்கள். 1580. அன்று காலை இறங்கிய அறுபதைக் கழித்தால் 1520. அங்கமுத்து அடித்தல் திருத்தல் செய்யாமல், நசியனூர் ரோட்டுப் பக்கத்தில் சிவப்பு மசியில் ஒரு வரி புதிதாக எழுதினார்: எண்ணிக்கைப் பிழை, சேர்க்க 7. நானூற்று இருபது, ஆயிரத்து ஐநூற்று இருபது, அறுநூற்று ஐம்பது, வழியில் அறுபது. கூட்டினால் 2650.

பிழை என்று எழுதினாலும் பொறுப்புக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. நல்லசாமி கையெழுத்துப் போட வந்தவர் அந்த இடத்தில் விரலை வைத்து நின்றார்.

"இதென்ன, உங்க பேரு?"

"கூட்டிட்டு வந்தவன் நானுங்க. லாபமுன்னா ஒண்ணுன்னு சொல்லாம உட்டதும் நான்தானுங்க."

"இருவத்தாறு வருசத்துல உங்க பேரு இந்தக் கட்டத்துல வந்ததே இல்லீங்களே."

"இப்ப வந்துதுங்க. போடுங்க கையெழுத்த."

நல்லசாமி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போட்டார்.

அடுத்த லோடு நான்காம் தேதி வந்தது. அன்றைக்கு அங்கமுத்துவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தும் போயிருந்தார். சென்னியப்பன் வாயைத் திறக்குமுன்பே மாசிலாமணி, ஓடுகிற பஸ்ஸையே நிறுத்துகிற குரலில் "லாபம்!" என்றார். கோடு ஒன்றை அழுத்தி இழுத்துவிட்டு, நோட்டை அங்கமுத்து பக்கம் திருப்பிக் காட்டினார்.