தலைப்பால் வேறாக

பெரியகல்லாற்றைச் சேர்ந்த கண்ணகை, வாவிக்கரைச் சுற்றுலா விடுதியொன்றில் ஆறு வருடமாக நண்டுக்கறி சமைத்து வந்தாள். இன்னும் தற்காலிகம்தான். நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தால் மகள் விதுர்ஷாவைத் தாதியர் படிப்புக்கு அனுப்பலாம். கணவனை இழந்த அவளுக்கு உயிரே அந்த ஒரு கடிதத்தில்தான் இருந்தது.

புதிதாக வந்த முகாமையாளர் சுதாகரன், "கறி வைக்கிற முறையை எழுதித் தாங்க அக்கா. கடிதத்தைப் பிறகு பாப்பம்," என்றார்.

கண்ணகை பேசுவது போலவே எழுதினாள். 'வெங்காயம் வதங்கினதும் நண்டைப் போட்டு, தூள் போட்டு, பால் விட்டு அவிய விட்டு, இறக்கப் போறப்ப பால் விட்டு முருங்கையிலை தூவி...'

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த காத்தான்குடி நஸ்ஹா வாசித்துச் சிரித்தாள்.

"இது கதை மாதிரி இரிக்கு அக்கா. சுதாகரன் சேர் கேக்கிறது மேல சாமான், கீழ இலக்கம் போட்ட படிகள். தூள் எவ்வளவு?"

"கை சொல்ற அளவு புள்ள."

"உங்கட கைய எப்பிடி டைப் பண்ற?"

கரண்டியாலும் கோப்பையாலும் அளந்து இருவரும் பட்டியல் போட்டார்கள்.

மறுநாள், நண்டே சமைத்தறியாத தோட்டக்காரர் இஷாமிடம் அந்தத் தாள் கொடுக்கப்பட்டது. கண்ணகை வாய் திறக்கக்கூடாது என்பது கட்டளை. சட்டியில் பால் திரிந்து, எண்ணெய் தனியே மிதந்தது.

"ஒரு தாள் எழுதத் தெரியாதா?" சுதாகரன் நஸ்ஹா பக்கம் திரும்பினார். "நாளைக்கு வர வேணாம்."

அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்தன. கண்ணகை தாளைப் பார்த்தாள். 'தேங்காய்ப்பால் – 3 கோப்பை.' நான்காம் படி: 'பால் முழுவதையும் விட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடவும்.'

பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கறி அவள் கையோடேயே இருந்திருக்கும். ஆனால் பாழாய்ப்போன தாய்மனம்!

"புள்ளையில பிழையில்ல சேர். நான்தான் ரெண்டையும் பால் எண்டு எழுதினன். சாமானிலயே பிரிச்சுப் போடோணும். இரண்டாம் பால் ரெண்டு கோப்பை. தலைப்பால், முதல் பிழியிற கட்டிப்பால், ஒரு கோப்பை, வேறாக. நாலாம் படியில இரண்டாம் பால். அஞ்சில நெருப்பைக் குறைச்சுத் தலைப்பால், முருங்கையிலை. நுரை கட்டினதும் இறக்கோணும்."

நஸ்ஹா திருத்தினாள். இஷாம் மறுபடியும் சமைத்தார். சுதாகரன் விரலை நக்கினார்.

"அச்சொட்டா உங்கட கறிதான் அக்கா."

கண்ணகை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை வாங்கத்தான்.

"இனி இதை ஆரும் வைப்பாங்க. இஷாமே போதும். நாளையிலயிருந்து நீங்க வீட்டில ஓய்வா இரிங்க."

"சேர், என்ர மகள்..."

"அதுக்கு நான் என்ன செய்ய? நஸ்ஹா, தலைப்பில 'கண்ணகை நண்டுக்கறி' எண்டு போடு. வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும்."

கண்ணகை நஸ்ஹாவைப் பார்த்தாள். ஒரு சொல்லாவது வரும் என்று பார்த்தாள். நஸ்ஹா தலை நிமிராமல் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.