சாப்பாட்டுக்கு முன் பிரஷர்

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணி ஒரு செய்தி போட்டார். "நாப்பது தாண்டினவங்க எல்லாரும் தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வர்றப்ப சேர்ந்து பிரஷர் பார்த்துக்கலாம். தளர்வான சட்டை போடுங்க. வர்றதுக்கு முன்னாடி காப்பி, சிகரெட் வேணாம் லா."

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அண்ணி முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர். அப்புறம் முகம் மினுங்கக் குடிக்கும் ஏதோ தூள். இரண்டையும் என் தலையில் கட்டியவர். மெஷின் எல்லாருக்கும் பிரஷர் ஏறிக் காட்டும், பிறகு அலமாரியிலிருந்து விற்பதற்கு ஏதாவது மருந்து டப்பா இறங்கும் என்று நினைத்தேன்.

கெலுகோரில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததுமே கண்ணால் டப்பா தேடினேன். மேசையில் பிரஷர் மெஷின் மட்டும் இருந்தது. ஆட்டுக்கறி வாசம் ஆளைத் தூக்கியது. அண்ணியோ, பிரஷர் பார்த்த பிறகுதான் சாப்பாடு என்றார். பசியை வைத்து மடக்குகிறார் என்று எரிச்சலாக வந்தது.

"மூத்தவங்கதான் முதல்ல" என்று வந்திருந்த எல்லார் முன்னாலும் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தார். சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு மேசைமேல் கையை நீட்டவைத்துப் பட்டையைச் சுற்றினார். மேல் எண் நூற்று எழுபத்தெட்டு. கீழ் எண் நூற்று ஆறு. கொஞ்சம் விட்டு மறுபடி எடுத்தார். பெரிய மாற்றமில்லை.

"தலைவலி, நெஞ்சுவலி இருக்கா?"

"ஒண்ணுமில்ல. மெஷின் ரோசாக்கு லா, கெட்டுப் போச்சு" என்று அண்ணன் பட்டையை உரித்துப் போட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. இவ கதை உனக்குத் தெரியாதா?"

அவருக்கு ஆதரவாகப் பேசத்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் தொழிற்சாலையில் அந்த வாரம்தான் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது. என் எண் எனக்குத் தெரியும். தப்பாகக் காட்டினால் அதோடு அண்ணியின் வியாபாரம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடமும் அண்ணியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பட்டை இறுகித் தளர்ந்தது. தொழிற்சாலையில் எடுத்ததற்கும் இதற்கும் இரண்டு மூன்றுதான் வித்தியாசம்.

அண்ணி என் காதருகே குனிந்தார். "கிளினிக் வாங்கன்னு ஒரு வருஷமா கெஞ்சுறேன். நான் சொன்னா டிராமாங்கிறாரு. அதான் எல்லாரையும் கூப்பிட்டேன்."

என் சந்தேகம் பொய்யில்லை. அந்தச் செய்திக்கு உள்நோக்கம் இருந்தது. குழுவில் அத்தனை பேருக்கு எழுதியது ஒரே ஆளுக்காக. எனக்கு அண்ணனை நினைத்துப் பயம் வந்தது.

அவர் இன்னும் சிரித்தபடி நான் அண்ணியைக் கிழிப்பதற்காகக் காத்திருந்தார்.

"அண்ணே, மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரிப்பு அடங்கியது. அண்ணி சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் சண்டை போட்டிருப்பார். யாரையும் நம்பாத நான் சொன்னதால் வாதாடாமல் சட்டைக்கையை இறக்கிவிட்டார்.

"நாளைக்கு கிளினிக் தொறந்திருக்குமா?" என்று அண்ணியிடம் கேட்டார்.