கேட்காமல் வெட்ட மாட்டோம்

ஞானதீபத்திடம் கேட்டால் கிடைக்காத பதிலே இல்லை என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. திருவேங்கடத்துக்குக் கடைசி பஸ் எப்போது, மாற்றுச் சான்றிதழுக்கு யார் கையெழுத்து வேண்டும், மகளுக்கு எந்தக் காலேஜில் பி.காம். நல்லது, எல்லாம் அவளிடம்தான் வரும். அலுவலகக் கண்காணிப்பாளர் என்று மேசையில் பலகை இருந்தாலும் யாரும் அதைப் படித்ததில்லை. மேலநீலிதநல்லூரில் வீடு. காலையில் ஸ்கூட்டரில் சங்கரன்கோவில் வந்து இறங்கும்போதே நாலு பேர் கேள்வியோடு நிற்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பேருக்காவது பதில் சொல்லிவிடுவாள். அப்படி இருப்பது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்கவும் மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கே சோதனை வந்தது, பட்ஜெட் ரூபத்தில்.

அதுவரை அங்கே பட்ஜெட் என்பது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு துறையும் தேவையைப் போல இரண்டு மடங்கு கேட்கும். தாளாளர் எஸ்ரா ஐயா சிவப்புப் பேனாவை எடுத்துப் பாதியாக வெட்டுவார். கேட்டவர்களுக்கும் நிறைவு, வெட்டியவருக்கும் நிறைவு. ஜனவரியில் நிர்வாகக் குழு இந்த விளையாட்டை நிறுத்தியது. இனி போன வருஷக் கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிப் போடுகிற வேலை கிடையாது. எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். என்ன வேலை, எதற்காக, எந்த மாதம், எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

ஐயா கூட்டம் போட்டு விளக்கினார். முடிவில், “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்றார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய், வாசல் டீக்கடையில் நின்று, “இவரு என்ன சொல்லுதாரு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கூட்டத்திலும் இதுதான் வழக்கம்.

“எல்லாருக்கும் புரிஞ்சிட்டு போல ஞானதீபம். எதுக்கும் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’னு ஒரு குறிப்பு போட்டிரு” என்றார் ஐயா.

“ஒருத்தரும் வாயே தொறக்கலியே ஐயா. அப்புறம் எங்கன அடிக்கடி?”

“எங்கிட்ட கேக்க மாட்டாவ. உங்கிட்ட கேப்பாவ.”

உண்மைதான். டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடியிலும் பஸ் நிறுத்தத்திலும் கேள்விகள் கொட்டின. ஞானதீபம் அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதினாள். நூலகம் பார்க்கும் சுபைதா பேகம், “மார்ச்சுல மிச்சம் கெடந்தா அடுத்த வருசத்துக்கு வச்சுக்கிடலாமா?” என்றாள். முடியாது, மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி என்று பதில். புத்தகத்துக்கு வாங்கிய ஒதுக்கீட்டில் அலமாரி வாங்கலாமா? எழுத்தில் அனுமதி வாங்கினால் வாங்கலாம். திடீரென்று மோட்டார் எரிந்துபோனால்? அதற்கு அவசர நிதி தனியாக உண்டு.

கடைசியில் வந்தார் உடற்பயிற்சி ஆசிரியர் மகாராஜா.

“எக்கா, ஒண்ணே ஒண்ணுதான். எப்படியும் பாதி வெட்டுவாவ. ரெண்டு மடங்காவே எழுதிரட்டுமா?”

அவர் கேட்டதில் ஒரு வலி இருந்தது. போன வருஷம் பெண்கள் கைப்பந்து அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, தென்காசியில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானது. மகாராஜாவுக்குப் பொய்க்கணக்கு எழுத வராது. வேனுக்கு உள்ளதைக் கேட்டார், பாதி வந்தது. பிள்ளைகள் போகவில்லை. தலைவி தேன்மொழி சீருடையோடு வாசலில் நின்று அழுததை ஞானதீபம் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வருகிற ஆண்டு பிளஸ் டூ. விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அந்தக் கேள்விக்கு மட்டும் ஞானதீபம் நிதானமாகப் பதில் எழுதினாள். “கூடாது. தேவையானதை மட்டும் கேளுங்கள். உங்களைக் கூப்பிட்டு விசாரிக்காமல் எந்தத் தொகையும் வெட்டப்படாது.” ஐயா படித்துவிட்டு, “ரொம்பச் சரி” என்று அடியில் கையெழுத்துப் போட்டார். குறிப்பு எல்லார் கைக்கும் போனது.

“நெசமாத்தானா?” என்றார் மகாராஜா.

“நான் எழுதியிருக்கேன்லா. நம்பி எழுதும் சார்.”

நம்பினார். வேன் கம்பெனியில் விலைப்பட்டியல் வாங்கி இணைத்து உள்ளதை உள்ளபடி எழுதினார். வேதியியல் ஆவுடையப்பன் மட்டும், “இதெல்லாம் பேப்பரோட சரி” என்று சிரித்துவிட்டு அமிலம் முதல் சோதனைக்குழாய் வரை எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் போட்டார்.

மார்ச்சில் பட்ஜெட் தாள்களின் கட்டு ஐயாவிடமிருந்து திரும்பி வந்தது. ஞானதீபம் முதல் தாளைப் பார்த்தாள், சிவப்பு மை. அடுத்ததிலும் சிவப்பு மை. ஒன்று விடாமல் எல்லாம் பாதி. ஆவுடையப்பனுக்கு வேண்டியது கச்சிதமாகக் கிடைத்திருந்தது. மகாராஜாவின் வேன் பாதியில் நின்றது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பேச்சை நம்பிய மனுஷன் ஏமாந்துபோனதை அவளால் தாங்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறிப்பில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தாள். பதிலுக்கு இடம் விட்டு அச்செடுத்து, நேரே ஐயா அறைக்குப் போய் மேசையில் வைத்தாள்.

ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். “கூப்பிட்டு விசாரிக்காமல் வெட்ட மாட்டோம் என்று எழுதிவிட்டு வெட்டினால், நாங்கள் யாரைக் கேட்க வேண்டும்?” நிமிர்ந்தார். “இதை யாரு கேட்டா?”

“நான்தான் கேக்கேன் ஐயா. அந்த வேன் இப்ப பாதி வழியில சேர்ந்தமரம் வரைக்கும்தான் போகும். அங்கனருந்து பிள்ளையள் தென்காசிக்கு நடந்தா போவாவ?”

எஸ்ரா ஐயா சிவப்புப் பேனாவைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அடப் பாவமே! கை பழகிட்டும்மா. தாளப் பாத்ததும் அதுவா வெட்டிட்டு. எல்லாரையும் கூப்பிடு.”

மறுநாள் ஒவ்வொருவராக வந்து காரணம் சொன்னார்கள். சுபைதா பேகம் ஒரு கட்டுப் புத்தகப் பட்டியலோடு வந்து ஐயாவையே கொட்டாவி விட வைத்தாள். ஆவுடையப்பன் முறை வந்தது.

“அமிலம் எதுக்குவே இவ்வளவு? பிள்ளையள் குளிக்கப் போவுதாவளா?”

ஆவுடையப்பன் காதைச் சொறிந்தார். “பாதி போதும் ஐயா” என்று தானே பேனாவை வாங்கி அடித்தார். அறையே சிரித்தது, அவரும் சேர்ந்துகொண்டார். மகாராஜா விலைப்பட்டியலை நீட்டினார். ஐயா இரண்டு கேள்வி கேட்டார், வெட்டியதை அடித்துவிட்டு முழுத்தொகைக்குக் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கேள்விக்கான பதிலையும் ஐயாவே தன் கையால் எழுதினார். “தாளாளரைத்தான். கதவைத் தட்டாமலே வரலாம்.”

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் அடங்கிய ஒரு காலையில் வேன் புறப்பட்டது. இந்த வருஷமும் குறுவட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். துணைக்கு ஒரு பெண் ஊழியர் வேண்டும் என்றதும் ஞானதீபம் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். வீரசிகாமணி வரை பிள்ளைகள் பாட்டு, கைதட்டு, அவலும் கடலையும். ஞானதீபத்திடம் வழக்கம்போல ஆயிரம் கேள்வி. சேர்ந்தமரம் பஸ் நிறுத்தம் வந்தபோது மகாராஜா முன் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பினார்.

“எக்கா! சேர்ந்தமரம்! வண்டி நிக்கல பாத்தியளா!”

பிள்ளைகளுக்கும் கதை தெரியும் போலிருக்கிறது. தேன்மொழி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஊருக்கே கேட்கும்படி கூவினாள். மற்றவர்கள் அதைவிடச் சத்தமாகக் கூவினார்கள். டிரைவர் வேகத்தைக் கூட்டினார். ஞானதீபம் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் பின்னால் போய் மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.