அண்ணன் பேருக்கு ஒரு கட்டம்

அண்ணன் சொல்லை அவள் தட்டியதில்லை. கல்யாணத்தை விட்டதுகூட அவன் சொல்லித்தான். பன்னிரண்டு வருடமாக அவன் கடையில் துணி தைத்தவளை, போன வாரம் தன் புதுக் கம்பெனிக்கு டைரக்டர் ஆக்கினான்.

கம்பெனி பேரில் கணக்குத் தொடங்க வந்தவளிடம், வங்கி அதிகாரி பதிவுச் சான்றிதழையும் போர்டு தீர்மானத்தையும் சரிபார்த்துவிட்டுக் கடைசிப் படிவத்தை நீட்டினாள்.

"பங்கு யார் பேருல இருக்குன்னு மட்டும் இதுல கேக்கலம்மா. லாபம் யாருக்குப் போகுது, முடிவெடுக்கிறது யாரு, அவங்க பேரும் வரணும்."

"பங்கு என் பேருல. மத்ததெல்லாம் அண்ணன்."

"அப்ப அண்ணன் பேரையும் எழுதுங்க."

அண்ணனுக்குப் போன் செய்தாள். "உன் பேரை மட்டும் எழுது" என்றான்.

"பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டா யாரு மாட்டுவா மேடம்?"

"போட்டவங்களும்தான்."

அவள் கையெழுத்துப் போடாமல் படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கடைக்குப் போனபோது, அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.