மாந்தோஸ் ஸெர்வாஸ் உயிரோடு இருக்கிறான்

சின்ன மாந்தோஸ் என் போன் ரிப்பேர் கடைக்குள் வந்து போனை மேஜைமேல் வைத்தபோது, கடையில் இருந்த கிழவி ஒருத்தி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கவாலா துறைமுகத்தில் இருக்கிற விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் அப்போது அவன் பெயர் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்ட இறப்பு அறிவிப்புத் தாள், மேலே சிலுவை, கீழே பெரிய எழுத்தில் மாந்தோஸ் ஸெர்வாஸ். அடக்கம் முடிந்து வாரக்கணக்கில் ஆகியும் யாரும் கிழிக்கவில்லை. மழை பெய்து தானாக உரிந்தால்தான் உண்டு.

செத்தது பெரிய மாந்தோஸ். இவனுடைய பெரியப்பா மகன். தாத்தா பெயரை மூத்த பேரன்களுக்கு வைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மகன் பிறந்தால் ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் ஓடுவார்கள். இந்த இருவரும் அப்படி ஓடியவர்கள்தான். ஒருவன் கண்ணாடியை உடைப்பான், மற்றவன் அடி வாங்குவான். பெரியவர்களானதும் பெரியவன் சொந்தப் படகில் மீன் பிடித்தான். சின்னவன் தாஸோஸ் தீவுக்குப் போகும் படகில் கார்களை வரிசையாக நிறுத்துகிற வேலைக்குப் போனான். பெரியவன் போன் பண்ணினால் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "டேய், நீதான் பேசறேன்." பிறகு தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பான். நாற்பது வயது தாண்டியும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

"மாரோக்கா, நான் செத்துட்டேனாம்," என்றான் சின்னவன்.

போனை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய சமூக வலைத்தளக் கணக்குக்குள் போக முடியவில்லை. என் போனில் அவன் பக்கத்தைத் திறந்தேன். தொப்பியோடு சிரிக்கிற அவன் படம், பெயருக்கு மேலே 'நினைவில்' என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஊரே அழுதிருந்தது. 'மண் உனக்கு லேசாக இருக்கட்டும்' என்று எழுதியவர்களில் பாதிப்பேர் வாராவாரம் அவன் படகில் காரை ஏற்றுகிறவர்கள். கையைக் காட்டி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னவன் முகத்தை ஒருத்தனும் நிமிர்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

இந்த வேலையைச் செய்தவன் காப்பிக் கடை பாபிஸ். நல்லது செய்கிறேன் என்று கம்பத்தில் இருந்த தாளைப் படம் எடுத்து, இறந்தவர் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றுங்கள் என்று அந்த வலைத்தள நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறான். பெரியவனுடைய கணக்கு படகின் பெயரில் இருந்தது. ஆகவே மாந்தோஸ் ஸெர்வாஸ் என்று தேடினால் கிடைப்பவன் இவன் ஒருவன்தான். அவர்களும் பூட்டிவிட்டார்கள்.

"போனா போகுதுடா, புதுசா ஒண்ணு திறந்துக்க," என்றேன்.

அவன் தலையாட்டவில்லை. மேஜைமேல் இருந்த திருகாணிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான். பெரியவன் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று விடியற்காலையில் இவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். இரவு வேலை முடித்து வந்த இவன் தூங்கிவிட்டான். எழுந்தபோது படகு கவிழ்ந்த செய்தி வந்துவிட்டது. குரல் செய்தியைத் திறக்கத் தைரியம் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். இப்போது பூட்டிவிட்டார்கள். பெரியவன் போன் அவனோடேயே கடலுக்குள் போய்விட்டது.

"பெரியம்மா என்ன சொல்றாங்க தெரியுமில்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும். பெரியவனின் தாய் தசூலா, மகன் போகும்போது 'மாந்தோஸும் கூட வர்றான்' என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சத்தியம் பண்ணுகிறாள். அப்படியென்றால் இவன் படகில் இருந்தான். தான் மட்டும் கரையேறி வாயை மூடிக்கொண்டான் என்பது அவள் முடிவு. தூங்கிக்கொண்டிருந்தேன் என்று இவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து இவனை மாந்தோஸ் என்று கூப்பிடுவதில்லை. ஃபனூரிஸ் என்கிறாள். கோபத்தில் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எனக்கே சந்தேகமா இருக்குக்கா," என்றான். "அதுல அவன் என்னைக் கூப்பிட்டிருந்தா? வாடான்னு சொல்லி, நான் வருவேன்னு காத்திருந்தா? நான் தூங்கிட்டிருந்தேன். ராத்திரி கண்ணை மூடினா அதே குரல். என்ன சொல்றான்னு மட்டும் கேக்க மாட்டேங்குது."

எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் வேலையில் இறங்கிவிடுவேன். கணக்கை மீட்கிற படிவத்தைத் திறந்தேன். நீங்கள் உயிரோடு இருப்பவர்தான் என்பதற்கு அடையாள அட்டையின் படம் அனுப்புங்கள், நான்கு மூலையும் தெரியட்டும் என்றது.

அவனுடையது பழைய அட்டை. காவல் நிலையத்தில் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுப்பார்களே, அது. மேஜைமேல் வைத்து எடுத்தேன். மறுநாள் பதில் வந்தது: ஒளி பட்டுக் கூசுகிறது, படிக்க முடியவில்லை. பார்த்தால் என் கடைக் குழல்விளக்கு அப்படியே அவன் முகத்தின் மேல் படுத்திருந்தது. படத்தில் முகமே இல்லை, வெள்ளையாக ஒரு கோடுதான்.

விளக்கை அணைத்துவிட்டு, அட்டையை அவன் கையிலேயே பிடிக்கச் சொல்லி எடுத்தேன். அதற்கும் பதில்: படம் தெளிவாக இல்லை. வெளிச்சம் போதவில்லை, அவன் கை வேறு நடுங்கியிருக்கிறது. அட்டையில் இருந்தவன் தண்ணீருக்கடியில் இருந்து பார்ப்பதுபோல் இருந்தான். நான் அவனிடம் அதைக் காட்டவில்லை. அவனே எட்டிப் பார்த்துவிட்டான்.

"அவன் மாதிரியே இருக்கு," என்றான்.

"வாயை மூடு," என்றேன்.

மூன்றாவது தடவை மேகம் மூடிய பகலில் கடை வாசலில், சாம்பல் நிறத் துணிமேல் வைத்து, நேர் மேலிருந்து எடுத்தேன். ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. பதில் வந்தது: படம் தெளிவாக உள்ளது. அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை.

அப்போதுதான் அட்டையை ஒழுங்காகப் படித்தேன். ஃபனூரியோஸ் ஸெர்வாஸ். தசூலா கூப்பிடுகிற ஃபனூரிஸ் இதன் சுருக்கம்தான்.

"எங்கம்மாவோட வேண்டுதல்," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "பிறந்தப்போ நான் பிழைக்க மாட்டேன்னாங்களாம். புனித ஃபனூரியோஸுக்கு நேர்ந்துக்கிட்டா. ஞானஸ்நானத்துல பாதிரியார் அந்தப் பேரைத்தான் வெச்சாரு. தாத்தா கோயில்லயே கத்தினாராம், என் பேரு எங்கடான்னு. வீட்டுக்கு வந்ததும் மாந்தோஸ்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு. ஊரும் அதையே பிடிச்சுக்கிச்சு."

அத்தனை வருஷமாக நானும் பெரிய மாந்தோஸ், சின்ன மாந்தோஸ் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். காகிதத்தின்படி மாந்தோஸ் ஒருவன்தான் இருந்தான். அவன் செத்துவிட்டான். கணக்கைப் பூட்டிய இயந்திரத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

கணக்கில் உள்ள பெயரோடு வேறு ஏதாவது ஆவணம் இருந்தால் சேர்த்து அனுப்பலாம் என்று படிவம் சொன்னது. அவன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான். மின்சார ரசீது, சம்பளச் சீட்டு, வரிக் காகிதம், மாலுமிப் புத்தகம், எல்லாம் ஃபனூரியோஸ். மாந்தோஸ் என்று இருந்தது கழுத்துச் சங்கிலியில் தாத்தா போட்ட சிலுவையின் பின்புறத்தில் மட்டும்.

"இதைப் படம் எடுத்து அனுப்பலாமா?"

"அனுப்பு. செத்தவன் கழுத்துச் சிலுவைன்னு இன்னும் உறுதியா நம்புவானுங்க."

அவன் சிரித்தான். அந்த மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் புனித ஃபனூரியோஸ் என்பதால், நான் வீட்டில் அவர் பேரில் கேக் சுட்டுக் கோயிலில் கொடுத்தேன். நான் அவ்வளவு பக்தியானவள் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் எழுதினேன். கணக்கில் இருப்பதும் இவன் முகம்தான், பிறந்த தேதியும் ஒன்றுதான், ஊர் கூப்பிடுகிற பெயர் வேறு என்று விளக்கினேன். இந்த முறை வந்த பதில் மனிதர் யாரோ எழுதியது போல் இருந்தது. கணக்கைத் திருப்பித் தருகிறோம். ஆனால் பெயர் அட்டையில் உள்ளபடி மாற்றப்படும். சம்மதமா?

அவன் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது.

"அழுத்தினா மாந்தோஸ் யாரும் இருக்க மாட்டான் இல்லக்கா?"

அவன் அழுத்தினான்.

கணக்கு திறந்தது. 'நினைவில்' போயிருந்தது, மாந்தோஸும் போயிருந்தான். ஃபனூரியோஸ் ஸெர்வாஸ் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். குரல் செய்தி அங்கேயேதான் இருந்தது, கேட்கப்படாமல். அவன் போனை மூடிவிட்டான்.

"இங்க வேண்டாம். பெரியம்மா முன்னாடி கேக்கிறேன். அவன் என்னைக் கூப்பிட்டிருந்தா அவங்களுக்குத் தெரியட்டும். நீங்களும் வாங்க. என்னால அழுத்த முடியாது."

தசூலா கதவைத் திறந்தாள். கறுப்பு உடைக்குள் பாதியாகக் குறைந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. காப்பி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"என்ன ஃபனூரிஸ்? எதுக்கு வந்தே?"

"பெரியம்மா, அவன் அன்னிக்கு எனக்கு ஒண்ணு பேசி அனுப்பினான். நானும் இன்னும் கேக்கல."

அவள் கண்கள் போனுக்குப் போயின. சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அழுத்தினேன்.

முதலில் காற்று. பிறகு அந்தச் சிரிப்பு.

"டேய், நீதான் பேசறேன். எழுந்திரிக்காதே, தூங்கு. தனியா போகாதே, காத்து சரியில்லைன்னு எங்கம்மா உயிரை வாங்குறா. மாந்தோஸும் வர்றான்னு சொல்லிட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லுடா, காட்டிக் குடுத்துடாதே. மத்தியானம் வந்துடுவேன். பெரிய மீனா பாத்து உனக்கு எடுத்துட்டு வர்றேன்."

மறுபடியும் காற்று. முடிந்துவிட்டது.

இவன் பெருமூச்சு விடுவான், இல்லை, பார்த்தீங்களா என்று கேட்பான் என நினைத்தேன். கேட்டிருந்தாலும் தப்பில்லை. அவன் அப்படியே நின்றான். தசூலா போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் அதன் கண்ணாடியைத் தன் உடையின் ஓரத்தால் துடைத்தாள்.

"மாந்தோஸ்," என்றாள் அதைப் பார்த்து. "எதுக்குடா அம்மாகிட்டப் பொய் சொன்னே?"

போன் இருண்டுபோயிருந்தது. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சின்னவன் அவள் எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"நீ பயப்படுவேன்னுதாம்மா," என்றான்.